தாங்கும் பேர், வெறும் பேர்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒரே ஒலி உள்ள சொற்களுக்கு வந்ததும் முதலில் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன். பி-இ-ஏ-ஆர் என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும் சொல் எது? விடைகள் நான்கு: பி-இ-இ-ஆர், பி-ஏ-ஆர், பி-ஏ-ஆர்-இ, பி-ஏ-ஆர்-என். வகுப்பில் பெரும்பாலோர் முதல் விடைக்குக் கை தூக்குவார்கள். கரடியைக் குறிக்கும் சொல்லை அவர்கள் ‘பியர்’ என்றே படித்து வந்திருக்கிறார்கள். பி-இ-இ-ஆர்தான் பியர், குடிக்கிற பியர். கரடி ‘பேர்’. சரியான விடை மூன்றாவது, பி-ஏ-ஆர்-இ. அதுவும் ‘பேர்’தான்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். டியர், ஃபியர், நியர், ஹியர், இயர் என்று இ-ஏ-ஆரில் முடிகிற சொற்களில் பெரும்பாலானவை ‘இயர்’ என்றே ஒலிக்கும்போது, புதிதாக வரும் சொல்லையும் அப்படிப் படிப்பதுதான் நியாயம். விதியை மீறுபவைதான் கொஞ்சம். அன்றாடம் எதிர்ப்படுபவை என்று பார்த்தால் பேர், வேர், ஸ்வேர், டேர் என்ற நான்கும், பேரிக்காயைக் குறிக்கும் ‘பேர்’ ஒன்றும்தான். முதல் நான்குக்கும் முறையே தாங்கு, அணி, சத்தியம் செய், கிழி என்று பொருள். இந்த ஐந்தையும் ஒரே வரியில் எழுதிப் பத்துத் தரம் வாய்விட்டுப் படித்தால் போதும், பியர் தொல்லை தீர்ந்துவிடும்.

தமிழில் ஒலி வேறுபாடு என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இங்கே இன்னொரு தடையும் உண்டு. அலை, அளை, அழை மூன்றும் வேறு வேறு ஒலி. நாக்கு சரியாகப் புரண்டால் எழுத்தும் சரியாக வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இரண்டு ‘பேர்’களுக்கும் நடுவே ஏதாவது நுண்ணிய வேறுபாடு இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடுகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. பழைய ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டு ஏறத்தாழ நிலைபெற்ற பிறகும் ஒலிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தது 1476இல். அதற்குப் பிறகும் உயிரொலிகள் மாறி, வேறாக ஒலித்த இவை ஒன்றாகக் கலந்தன. பழைய வேறுபாடு இன்று எழுத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால் இங்கே காதை நம்பக் கூடாது, பொருளைத்தான் பிடிக்க வேண்டும்.

பொருளைப் பிடிக்கத் தமிழே துணைக்கு வரும். பி-ஏ-ஆர்-இ என்பதைப் பெரும்பாலும் ‘வெறும்’ என்று மாற்றிப் பார்க்கலாம்: வெறுங்கால், வெறுங்கை, வெறுந்தரை. இதை ‘வெறும் பேர்’ என்று வைத்துக்கொள்வோம். பி-இ-ஏ-ஆர் வினையாக வரும்போது அது ‘தாங்கும் பேர்’. பனிக்கட்டி ஆளின் எடையைத் தாங்குகிறது, நோயாளி வலியைத் தாங்குகிறார், கம்பெனி செலவை ஏற்கிறது, தாய் பிள்ளையைச் சுமக்கிறாள், மரம் காய்க்கிறது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், அடியில் ஓடுவதும் சுமத்தல் என்ற ஒரே கருத்து. கரடி மட்டும் இதில் சேராது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் அதன் வேர் வேறு. நல்ல அகராதிகள் கரடியையும் தாங்குதலையும் தனித்தனித் தலைச்சொல்லாக, எண் போட்டுக் கொடுத்திருக்கும். ‘கீழ்க்கண்ட வாக்கியங்களில் எதில் இச்சொல் வேறு சொல்லாக வருகிறது’ என்று கேட்டால், வலியையும் எடையையும் பிரிக்கப் போகாமல் கரடி வரும் வாக்கியத்தைத்தான் தேட வேண்டும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில், இது வினையா, பெயரடையா என்று பார்த்தால் போதும் என்று பல வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. ‘கால்’ என்ற பெயருக்கு முன்னால் இடம் விட்டிருந்தால் வெறும் பேர், ‘முடியாது’ என்பதை அடுத்து விட்டிருந்தால் தாங்கும் பேர். எளிய கேள்விக்கு இது போதும்; கடினமான கேள்வியில் கைவிட்டுவிடும். வெறும் பேரும் வினையாக வரும், மறைந்திருந்ததைத் திறந்து காட்டு என்ற பொருளில். நாய் பல்லைக் காட்டி உறுமுவதற்கு ஆங்கிலத்தில் இந்தப் பேர்தான்.

நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது தழும்பு வரும் இரண்டு வாக்கியங்களை. முதல் வாக்கியத்தில் ஒரு போர்வீரர் தம் உடம்பில் போரின் தழும்புகளைத் தாங்கியிருக்கிறார். இரண்டாவதில் அதே வீரர் நீதிபதியின் முன்னால் சட்டையை விலக்கித் தழும்புகளைக் காட்டுகிறார். இரண்டிலும் எழுவாய் ஒன்று, செயப்படுபொருள் ஒன்று, கோடிட்ட இடம் வினைக்கு உரியது. நிகழ்காலத்தில் சொன்னால் இரண்டுக்கும் ‘பேர்ஸ்’ என்ற ஒரே ஒலி. இலக்கண வகை இங்கே உதவாது. வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றச் சொல்வேன். தாங்கினார் என்றால் ‘போர்’, காட்டினார் என்றால் ‘பேர்ட்’. நிகழ்காலத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டும் இப்போது காதுக்கே தனித்தனியாகக் கேட்கின்றன. இறந்தகாலம் ‘போர்’ என்று மாறினால் எழுத்து இ-ஏ-ஆர். வெறுமனே ‘ட்’ சேர்ந்தால் ஏ-ஆர்-இ.

இது தனியொரு சொல்லின் தந்திரம் அல்ல. முன்பு சொன்ன நான்கு வினைகளையும் பாருங்கள்: பேர்-போர், வேர்-வோர், ஸ்வேர்-ஸ்வோர், டேர்-டோர். ‘ஏர்’ என்று ஒலித்து, இறந்தகாலத்தில் ‘ஓர்’ என்று மாறும் இந்த நான்கும் இ-ஏ-ஆர் என்றுதான் எழுதப்படும். ஷேர், ஸ்டேர், டேர் (துணி) போல ஏ-ஆர்-இயில் முடிபவை ‘ட்’ மட்டும் ஏற்கும். டி-இ-ஏ-ஆரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கிழி என்றால் டேர், கண்ணீர் என்றால் டியர். ஒரே எழுத்து, இரண்டு ஒலி. வாக்கியத்தின் பொருள் தெரியாமல் அதை வாய்விட்டுப் படிக்கவே முடியாது.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. வினை அல்லாத இடத்தில், அதாவது கரடியிலும் வெறுங்காலிலும், அது செல்லாது. பிறத்தல் என்ற பொருளில் வரும்போதும் தனியாகப் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘அவன் மதுரையில் பிறந்தான்’ என்பதில் பி-ஓ-ஆர்-என், கடைசியில் இ கிடையாது. ‘அவள் மூன்று பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள்’, ‘செலவு அரசால் ஏற்கப்பட்டது’ போன்றவற்றில் பி-ஓ-ஆர்-என்-இ.

தேர்வைத் தாண்டியும் இது வந்து நிற்கும். வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு உரிய தொடரில் தாங்கும் பேர்தான் வர வேண்டும். வெறும் பேரைப் போட்டுவிட்டால், எங்களோடு சேர்ந்து ஆடையைக் களையுங்கள் என்ற பொருள் வந்துவிடும். சாதாரண எழுத்துப்பிழை திருத்தி அதைப் பிடிக்காது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு விழாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்களைப் பக்கம் பக்கமாக இணை இணையாக அச்சிட்டுக் கொடுக்காதீர்கள். அப்படிப் படித்த மாணவருக்கு இரண்டும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன. எது எது என்ற குழப்பமும் கூடவே வருகிறது. ஒரு வாரம் தாங்கும் பேரை மட்டும் எடுத்து, அதன் இறந்தகாலத்தோடும் வலி, எடை, செலவு ஆகிய மூன்று வாக்கியங்களோடும் எழுத வையுங்கள். வெறும் பேரை அடுத்த வாரம் எடுங்கள்.