மேற்குச் சன்னலுக்கு எத்தனை அடி சன்ஷேட்?

கடலூர் பக்கத்துக் குடிகாட்டில் கட்டப்போகும் வீட்டின் தெர்மாகோல் மாதிரி மொட்டைமாடி வெயிலில் இருந்தது. அதன் அடித்தட்டில் ஒரு தாள், நடுவில் குண்டூசி. 11.7 பாகை அட்சத்துக்கு வரைந்த நிழல் வரைபடம் அது. மாதங்களுக்கு ஒரு கோடு, மணிகளுக்கு ஒரு கோடு. மாதிரியைச் சாய்த்துச் சாய்த்து, ஊசிமுனையின் நிழல் வேண்டிய புள்ளியில் விழுந்ததும் பொறியாளர் பெண் கையை நிறுத்துவார். அப்போது மாதிரியின் மேல் விழுவது அந்த நாளின், அந்த நேரத்தின் நிழல். ஊசி தாளில் குறித்த உயரத்தைவிட ஒரு நூல் கூடினாலும் எல்லாம் பிசகிவிடும். அதனால் முதலில் ஊசியைத்தான் அளந்தார்.

மேஸ்திரிக்கு இதெல்லாம் வேடிக்கை. "எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி சன்ஷேட் விட்டுட்டுப் போவோம் மேடம். மேற்கால வேணும்னா ரெண்டா வச்சுக்கலாம்."

தெற்குச் சன்னலை முதலில் பார்த்தோம். உயரம் 4 அடி. மார்ச் 21-க்குச் சாய்த்தபோது 10 அங்குல அட்டையே சன்னலை முழுக்க மறைத்தது; காலையானாலும் மாலையானாலும் அதே நிழல். சூரியன் தெற்கே சாயும் டிசம்பர் நண்பகலில்தான் நிலைமை மாறுகிறது. முழுக்க மறைக்க 2.8 அடி வேண்டும். ஆனால் டிசம்பர் வெயில் இங்கே யாரையும் வாட்டுவதில்லை. 2 அடி போதும் என்றார் பொறியாளர். பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நண்பகல் வெயில் உள்ளே வராது, வடகிழக்குப் பருவமழைச் சாரலுக்கும் கொஞ்சம் தடுப்பு. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

பிறகு மாதிரியை மே 20, மாலை 4 மணிக்குச் சாய்த்தார். வடமேற்கில் தாழ்ந்திருந்த வெயில் மேற்குச் சன்னலுக்குள் நேராகப் புகுந்தது. மேஸ்திரியின் 2 அடி அட்டை மேலே மூன்றில் ஒரு பங்கைத்தான் மறைத்தது.

"இன்னும் நீட்டிப் பாருங்கண்ணே."

அவர் அட்டையை இழுத்துக்கொண்டே போனார். 6 அடி வந்ததும்தான் வெயில் வெளியேறியது. 5 மணிக்குச் சாய்த்தால் கிட்டத்தட்ட 12 அடி.

"இது சன்ஷேட் இல்ல மேடம், தாழ்வாரம்."

அதுதான் விஷயம். நீட்டிக்கொண்டு நிற்கும் காங்கிரீட் பலகையால் தாழ்ந்த மேற்கு வெயிலைத் தடுக்க முடியாது. புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்ப்பவை. அவற்றில் திறந்து மூடும் சாய்வுப் பலகைகள். மேற்கோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கிக்கொண்ட கட்டடம் என்றுதான் அதைச் சொல்வேன். குடிகாட்டு மனையோ மேற்குத் தெருவைப் பார்த்தது. வீட்டைத் திருப்ப வழியில்லை.

கடைசியில் மேற்கே தூண் ஊன்றி 6 அடி ஓட்டுத் தாழ்வாரம் என்று முடிவானது. 4 மணிக்குப் பிந்தைய வெயிலுக்கு மூங்கில் தட்டி. கொக்கி மாட்டும் இடங்களை மேஸ்திரி வரைபடத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டார்.