ஒரே பங்கு, இரண்டு சந்தை

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு ஒரு யோசனை வந்தது. நான் வானொலியில் தினமும் நாணய மாற்று விகிதம் வாசிப்பதால் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

“தங்கச்சி, என்கிட்ட இருக்கிற ஐஎச்எச் பங்கை இங்க வித்துட்டு, அதே பங்கை சிங்கப்பூர்ல வாங்கிடலாம்னு பார்க்கிறேன். அங்க ரெண்டு வெள்ளி சொச்சம்தான், இங்க ஆறுக்கு மேல. அதோட, ரிங்கிட் விழுந்தாலும் நம்ம காசு சிங்கப்பூர் வெள்ளியில பத்திரமா இருக்கும்ல?”

வானொலியில் பணம் பற்றிய அங்கம் நடத்தும் எனக்கு, இதே கேள்வி நேயர்களிடமிருந்தும் வருவதுண்டு. அதில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன: அங்கே மலிவு, அங்கே பாதுகாப்பு. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பந்தாய், கிளனீகல்ஸ் மருத்துவமனைகளை நடத்தும் ஐஎச்எச் ஹெல்த்கேர், 2012 ஜூலை 25ஆம் தேதி கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய இரண்டு பங்குச் சந்தைகளிலும் ஒரே நாளில் இடம்பிடித்தது. பொதுமக்களுக்கு அறிவித்த விலை இங்கே 2.80 ரிங்கிட், அங்கே 1.113 சிங்கப்பூர் வெள்ளி. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2.52 வரும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு அப்போது ஏறக்குறைய அவ்வளவு ரிங்கிட்தான். ஆக, ஒரே விலையை இரண்டு நாணயங்களில் எழுதியிருந்தார்கள்.

அந்த முதல் நாள் சரி. பிறகு இரண்டு சந்தைகளிலும் வாங்குபவர்கள் வேறு, விற்பவர்கள் வேறு. விலை மட்டும் ஏன் பிரிந்து போவதில்லை?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு முழம் மல்லிகை கிள்ளானைவிட மிகவும் விலை ஏறிவிட்டால் என்ன நடக்கும்? யாராவது ஒருவர் கிள்ளானில் வாங்கி, வண்டியில் கொண்டுவந்து இங்கே விற்பார். வாங்கும் இடத்தில் விலை ஏறும், விற்கும் இடத்தில் இறங்கும். பெட்ரோலுக்கும் அலைச்சலுக்கும் கட்டுப்படியாகாத அளவுக்கு வித்தியாசம் சுருங்கியதும் அவர் நிறுத்திவிடுவார்.

பங்குக்கும் இதே கதைதான். ஐஎச்எச் பங்கை இங்குள்ள சிடிஎஸ் கணக்கிலிருந்து சிங்கப்பூரின் சிடிபி கணக்குக்கு, தரகர் மூலம் பாரம் நிரப்பிக் கட்டணம் கட்டி மாற்றலாம். அங்கிருந்து இங்கேயும் கொண்டுவரலாம். இந்த வழி திறந்திருப்பதுதான் இரண்டு விலைகளையும் கட்டி வைத்திருக்கும் கயிறு.

கணக்கு எளிதாக இருக்க நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3.30 ரிங்கிட் என்றும், பங்கு இங்கே 6.60 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். அங்கே 2.00 வெள்ளியாக இருந்தால் இரண்டும் சமம். திடீரென அங்கே 2.10க்கு ஏறுகிறது. ரிங்கிட்டில் அது 6.93. இங்கே 10,000 பங்குகளை 66,000 ரிங்கிட்டுக்கு வாங்கி அங்கே விற்றால் 69,300 கிடைக்கும். தரகுக் கூலி, முத்திரை வரி, மாற்றுக் கட்டணம், நாணயம் மாற்றும்போது போகும் காசு எல்லாம் கழித்தும் கையில் நிற்கும். ஆனால் அங்கே 2.01 மட்டுமே என்றால் வித்தியாசம் மொத்தமே 330 ரிங்கிட். செலவே அதை விழுங்கிவிடும். யாரும் அசைய மாட்டார்கள். விலைகள் ‘ஏறக்குறைய’ சமமாக நிற்பதற்கு முதல் காரணம் இந்தச் செலவுதான்.

ஒரு சிக்கல் உண்டு. பங்கு அங்கே போய்ச் சேரச் சில நாள் ஆகும். அதற்குள் விலை மாறிவிடலாம். அதனால் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இரண்டு ஊரிலும் முன்கூட்டியே பங்கு வைத்திருப்பார்கள். விலை உயர்ந்த இடத்தில் விற்று, அதே நிமிடத்தில் மலிவான இடத்தில் வாங்கிவிடுவார்கள். பங்கை மாற்றுவது பிறகு நிதானமாக நடக்கும்.

திரையில் தெரியும் வித்தியாசம் எல்லாமே நிஜமும் இல்லை. ஐஎச்எச் பங்கின் வியாபாரம் பெரும்பாலும் கோலாலம்பூரில்தான், சிங்கப்பூரில் மந்தம். அங்கே காட்டும் ‘கடைசி விலை’ எப்போதோ நடந்த வியாபாரத்தின் விலையாக இருக்கலாம். கோலாலம்பூர் சந்தை மதியம் 12.30 முதல் 2.30 வரை ஓய்வெடுக்கும். சிங்கப்பூர் 1 மணிக்கே திறந்துவிடும். மேலும், இங்கே இந்த விலையில் ஒவ்வொரு சென்னாக ஏறி இறங்கும். அங்கே ஒரு படி ஒரு சிங்கப்பூர் காசு, அதாவது நம் கணக்கில் 3.3 சென். வித்தியாசம் நிஜமா என்று அறிய, இரண்டு சந்தையும் திறந்திருக்கும் நேரத்தில், இங்கே விற்பவர் கேட்கும் விலையையும் அங்கே வாங்குபவர் தர முன்வரும் விலையையும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் அந்த ‘லாபம்’ அங்கேயே காணாமல் போய்விடும்.

மலிவு என்ற நம்பிக்கை இத்துடன் முடிந்தது. பாதுகாப்பு?

நாளை ரிங்கிட் சரிந்து, ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3.30லிருந்து 3.63 ஆகிறது என்று வையுங்கள். பங்கு இங்கே 6.60லேயே நிற்கிறது. சிங்கப்பூரில் பழையபடி 2.00 வெள்ளிக்கு யாராவது வாங்கினால் அது 7.26 ரிங்கிட், உடனே இங்கிருந்து வாங்கி அங்கே விற்கத் தொடங்குவார்கள். அங்குள்ள விலை 1.82க்கு இறங்கும் வரை அது நிற்காது. அண்ணனின் ‘சிங்கப்பூர்’ பங்கும் அதே 6.60 ரிங்கிட்தான். எந்த நாணயத்தில் விலை எழுதியிருக்கிறது என்பது பாதுகாப்புத் தராது.

ஐஎச்எச்சுக்குச் சிங்கப்பூரிலும் துருக்கியிலும் இந்தியாவிலும் மருத்துவமனைகள் உண்டு. அந்த வெளிநாட்டு வருமானத்தின் ரிங்கிட் மதிப்பு கூடுவதால் பங்கு விலை ஏறினால், இரண்டு சந்தையிலும் சேர்ந்தே ஏறும். நிறுவனம் எங்கே சம்பாதிக்கிறது என்பதுதான் கணக்கு. நாம் எங்கே வாங்கினோம் என்பது இல்லை.

இதை அண்ணனிடம் சொன்னபோது, “அப்போ வித்து வாங்கினா தரகருக்குத்தான் காசா?” என்றார். ஆமாம், நாணயம் மாற்றித் தருபவருக்கும் கொஞ்சம். பங்கு இப்போதும் அவருடைய சிடிஎஸ் கணக்கிலேயே இருக்கிறது.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் நாடு பார்த்திருக்கிறது. 1990 தொடக்கத்தில் மலேசிய நிறுவனங்கள் சிங்கப்பூர்ப் பட்டியலிலிருந்து விலகிய பிறகும், ‘க்ளோப்’ என்ற ஏற்பாட்டில் அவற்றின் பங்குகள் அங்கே கைமாறி வந்தன. 1998 செப்டம்பரில் நிதி நெருக்கடியின் நடுவே மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து, ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிர்ணயித்தது. மலேசியப் பங்குகளைக் கோலாலம்பூர் சந்தையில் மட்டுமே விற்கலாம் என்ற விதியும் வந்தது. க்ளோப் நின்றது. சுமார் 172,000 பேரின் பங்குகள் முடங்கின. அவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரர்கள்.

கோலாலம்பூரில் அதே நிறுவனங்களின் பங்குகள் மீண்டு ஏறிக்கொண்டிருந்தன. க்ளோப் பங்கு வைத்திருந்தவரால் விற்கவும் முடியவில்லை, இங்கே மாற்றவும் முடியவில்லை. பெரிய தள்ளுபடியில் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்வந்தவர்களும் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டில்தான் உடன்பாடு ஏற்பட்டு, பங்குகள் கட்டம் கட்டமாகக் கோலாலம்பூருக்கு வந்தன. நிறுவனம் ஒன்றுதான், பங்கும் ஒன்றுதான். இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் பாதையை மூடியதும், ஒரே பங்குக்கு இரண்டு மதிப்பு வந்துவிட்டது.

ஆகவே இரண்டு நாட்டில் விற்கும் பங்கை வாங்க நினைப்பவர், விலையைப் பார்க்கும் முன் தரகரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: “இதை அடுத்த சந்தைக்கு மாற்ற முடியுமா? எத்தனை நாள், எவ்வளவு செலவு?” விலைகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கும் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது.