நாலு தசம ஈரம்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கடிதம் எழுதுவது என் பணி. அடுப்பிலிருந்து 3 வீத ஈரத்துடன் இறங்கும் தூள், மார்கழி மழையில் சலிக்கும்போதே காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். ஒப்பந்த வரம்பு 7 வீதம். கொழும்பு வணிகரிடம் சேர்ந்த 40 மூடைகளில் 12 மூடைகள் 7.4 காட்டின.

"ஏறக்குறைய 7" என்று மழுப்பாமல், மூடை எண்களையும், 103 பாகை செல்சியசில் நிறை மாறாதவரை உலர்த்திக் கண்ட அளவையும் எழுதினேன். இன்று சுவையில் குறையில்லை; நெடுநாள் கிடந்தால் மணம் மங்கும், ஈரம் மேலும் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே அவற்றை முதலில் கலவைக்கு எடுக்குமாறு வேண்டி, மிகுந்த ஈரத்தின் எடைக்குரிய விலையைக் கழித்தோம். மறுத்தால் எம் செலவில் மீட்போம் என்றோம். இச்சலுகை இப்பன்னிரண்டுக்கே, வரம்பு என்றும் 7தான் என்று முடித்தேன். வணிகர் இசைந்தார்.