அவனிடம் கேட்காமலே

அவன் வாசித்துச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம்.

எங்களிடம் படித்த பிள்ளை. தனக்கு ஆண்கள் மீதுதான் விருப்பம் என்று கூட்டாளி ஒருவனுக்கு நம்பி எழுதியிருக்கிறான். அவன் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து பெட்ச் குரூப்பில் போட்டுவிட்டான். அமானிதம் பற்றி வாய் கிழியப் பேசுகிற ஊர்தான் நாங்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே கை நடுங்குகிறது. கடையில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கிறதாம். "சேர், சொல்றதா வேணாமாண்டு முடிவெடுக்கிறது என்ட கையிலதானே இருந்திச்சு" என்றான்.

அதனால் நாங்கள் எதையும் அவனுக்காக முடிவெடுக்கவில்லை. யார் யாருக்குத் தெரியும் என்று தாளில் எழுதினான். பட்டியல் அவன் பயந்ததை விடச் சின்னது. ராத்தாவிடம் தானே சொல்வதாகத் தீர்மானித்தான். உம்மாவுக்கு இப்போது வேண்டாம். கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "அதப்பத்தி நான் கதைக்கல்ல." திகதி தெரியும்படி எல்லாவற்றையும் சேமித்துவிட்டு குரூப்பிலிருந்து விலகினான். பொலிசுக்குப் போவதா? இத்தகைய உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு இருப்பதால், முதலில் சட்டத்தரணியிடம் கேட்கச் சொன்னோம். இரவில் தாங்க முடியாவிட்டால் பேச, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொடுத்தோம்.

அந்த ஸ்கிரீன்ஷொட் இன்னும் சிலரின் போனில் கிடக்கிறது. வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.