'புதுப்பித்தல்' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேலைகள்



மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் வாசகம் பெரும்பாலும் இதுதான்: "1636-இல் நாயக்கர் கட்டினார், பிறகு நேப்பியர் பிரபு புதுப்பித்தார்." வழிகாட்டிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நாங்கள் சிலர் கட்டடக்கலைச் சொற்பட்டியல் ஒன்று தயாரிக்கிறோம். அதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் 'புதுப்பித்தல்'தான்.

நாயக்கர் கட்டிய மகாலில் இன்று நிற்பது ஒரு பகுதி மட்டுமே. பேரன் சொக்கநாத நாயக்கர் அதன் பொருட்களைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுது பார்த்தார்கள். அப்படியானால் நாம் அண்ணாந்து பார்க்கும் சுதை நாயக்கர் காலத்ததா, நேப்பியர் காலத்ததா? 'புதுப்பித்தார்' என்ற சொல்லில் இதற்குப் பதில் இல்லை.

ஆஸ்திரேலிய வல்லுநர்கள் 1979-இல் வகுத்த பர்ரா சாசனம் இந்த வேலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. அதைப் பின்பற்றி நாங்கள் வைத்த சொற்கள் இவை. இருப்பதை இருக்கிறபடியே காத்து, மேலும் சிதையாமல் பார்த்துக்கொள்வது 'பேணல்'. பிற்காலத்து ஒட்டுகளை நீக்கியோ, விழுந்த பழைய கல்லையே திரும்ப எடுத்து வைத்தோ முந்தைய நிலைக்குக் கொண்டுவருவது 'மீட்டமைப்பு'. அதற்குப் புதுச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்தால் 'மறுகட்டுமானம்'. பழைய உருவம் பற்றிய கவலை இல்லாமல் புதிதாக்கினால் மட்டும் 'புதுப்பித்தல்'. குழப்பம் வந்தால், "புதுச் சரக்கு உள்ளே வந்ததா?" என்று கேளுங்கள். மீட்டமைப்பா, மறுகட்டுமானமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 'புதுப்பி' என்று சொன்னால் கொத்தனார் சிமெண்டைக் குழைப்பார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் எளிதில் விடாது. அடைபட்ட ஈரம் ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரமாக வெளியேறும். அங்கே வெள்ளையாக உப்புப் பூக்கும். விரலால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். கடைசியில் பழைய பூச்சுதான் உதிரும், சிமெண்ட் அப்படியே நிற்கும். 'சுதையைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடு' என்று சொன்னால் வேலையே மாறிவிடும்.

'திருப்பணி'யை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தில் குடமுழுக்கை ஒட்டிச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவது வழிபாட்டோடு சேர்ந்த காரியம். மற்ற நான்கும் அதற்குப் பொருந்தாது. அது திருப்பணியாகவே இருக்கட்டும்.

உங்கள் ஊர்க் கொத்தனார், ஸ்தபதியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய பூச்சு உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துச் சரிசெய்வதை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள்? கீழே எழுதுங்கள். எங்கள் 'செப்பனிடல்' அவர்கள் வாயில் வராத சொல் என்றால் மாற்றிவிடுவோம்.