வாயைத் திறக்காத அம்மா

"வேணாங்குது, விட்டுருடா தம்பி" என்றாள் அக்கா. கரண்டி பக்கத்தில் போனதுமே அம்மா உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கிச்சு. மறதி நோய் முற்றி, பேச்சு நின்று ஒரு வருசமாகிறது. வேண்டாம் என்கிறதா, முடியவில்லை என்கிறதா? தெரியாமலே நாங்கள் அதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த செவிலியர் அம்மா, முதலில் ஊட்டாதீங்க, பாருங்க என்றார். டார்ச் அடித்துப் பார்த்தோம். ஈறில் புண். கன்னத்து இடுக்கில் காலையில் கொடுத்த இட்லி விழுங்காமல் கிடந்தது. நாலு நாளாக வெளிக்கிப் போகவில்லை. தூக்க மாத்திரை மயக்கம் பத்து மணிவரை தெளியவில்லை. டாக்டரிடம் சொல்லி இவற்றுக்கெல்லாம் வழி செய்த பிறகுதான் ஊட்டும் முறைக்கு வந்தோம். திருப்பிக்கொள்வது வேறு, வாயிலேயே வைத்திருப்பது வேறு, விழுங்கும்போது இருமுவது வேறு; ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது.

ஒரு நோட்டுப் போட்டோம். நேரம், உட்கார்ந்த விதம், என்ன சோறு, எத்தனை வாய், யார் எப்படி ஊட்டினார், இருமல் வந்ததா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாது.

நான் நின்றுகொண்டு ஊட்டினேன்: மூணு வாய். முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன்: ஆறு வாய். அம்மா கையில் கரண்டியைக் கொடுத்து, மேலே என் கையை வைத்துத் தூக்கினேன், கையை உதறிவிட்டது. அப்புறம் தலைகீழாகச் செய்தோம். குழைத்த சோற்றை என் விரலில் எடுத்து, அம்மாவின் கையை என் கைமேல் வைத்து, மெதுவாய் வாய்க்குக் கொண்டுபோனேன். தன் கை வருவதாக நினைத்ததோ என்னவோ, வாய் திறந்தது. பதினொரு வாய், இருபத்தைந்து நிமிசம்.

தண்ணீருக்கு மட்டும் இருமல். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, அரை ஸ்பூனாகக் கொடுத்தோம். குரல் கரகரவென்று ஈரமாய்க் கேட்டால் அத்தோடு நிறுத்தினோம். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடவில்லை.

மூக்குவழிக் குழாய் போடலாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதுமில்லை, நுரையீரலில் சோறு போவதைத் தடுப்பதுமில்லை. கவனமாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று 2014இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் சொன்னது. நாங்கள் வேண்டாமென்று விட்டோம்.

இப்போது அம்மா நாலு வாயோடு நிறுத்திவிடுகிறது. நோட்டில் வரிசையாக இருக்கிறது, புண் இல்லை, மயக்கம் இல்லை, எல்லா விதமும் செய்து பார்த்தாயிற்று. இனி அது 'போதும்' என்பதுதான். திணிக்கவில்லை. நாலு என்று எழுதி, வாயைத் துடைத்துவிடுகிறோம்.