ஏழு ஸ்டேட்டஸ்

முதல் வாரம் நான் போட்ட ஸ்டேட்டஸ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். இருபத்து நாலு மணி நேரத்துல அழிஞ்சு போற விஷயத்தை எதுக்கு வச்சிருக்கேன்னு கடைசியில சொல்றேன்.

ஞாயிறு: "சென்னை வந்தாச்சு!"

வரலை. பஸ் எங்களை இறக்கிவிட்டது கிளாம்பாக்கத்துல. தென்மாவட்ட பஸ்ஸெல்லாம் இப்போ அங்கேயே நின்னுடுது. நாங்க போக வேண்டியது திருவல்லிக்கேணி. மாநகரப் பஸ்ல ஏறி, "இதுவா சென்னை, இதுவா சென்னை"ன்னு ஒன்றரை மணி நேரம் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே வந்தேன். அப்பா மடியில நீல பக்கெட். அதுக்குள்ள தட்டு, மக், தலையணை. எதுவும் தொலைஞ்சிடக் கூடாதுன்னு எல்லாத்துலயும் அம்மா நெயில் பாலிஷால எழுதியிருந்தாள்: செல்வி, தென்காசி.

சாயங்காலம் அப்பா கிளம்பினார். "வாரேன்"னார். திரும்பிப் பார்க்கலை.

திங்கள்: "இங்க பக்கெட்டுக்குத்தான் முதல் மரியாதை"

மாடிக்கு நாற்பது பேர், குளியலறை நாலு. அஞ்சு மணிக்கே வாசல்ல பக்கெட்டுகள் வரிசையா நிக்கும். ஆட்கள் தூங்கிட்டு இருப்பாங்க. விதி தெரியாம நான் ஆறரைக்குப் போய் நின்னேன். "பக்கெட் எங்கே?"ன்னு கேட்டாள் ஒருத்தி. "கையிலதான்"னேன். "கையில இருந்தா கணக்கு கிடையாது." அன்னைக்கு முகம் மட்டும் கழுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

செவ்வாய்: "பையைத் தேடிய ஆட்டோ அண்ணன்"

ஷேர் ஆட்டோ பறந்தது. பயத்துல, "அண்ணே, பைய, பைய!"ன்னு கத்திட்டேன். அவர் சடார்னு பிரேக் போட்டார். "பைய வுட்டுட்டியாமா? எந்த ஸ்டாப்புல?" பின்னாடி இருந்த அக்கா சீட்டுக்கு அடியிலெல்லாம் தேட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க ஊர்ல பையன்னா மெதுவான்னு விளக்கிச் சொல்ற துணிவு எனக்கு இல்லை. மடியில இருந்த பையைத் தூக்கிக் காட்டி, "கிடைச்சுட்டு அண்ணே"ன்னேன்.

புதன்: "சீனி கம்மியா ஒரு டீ"

டீ மாஸ்டருக்குப் புரிஞ்சது. கூட வந்த தர்மபுரிக்காரிக்குத்தான் சிரிப்பு. "சக்கரைன்னு சொல்லுடி." ரூமைக் கூட்ட வாரியல் எங்கேன்னு கேட்டப்பவும் அதே சிரிப்பு. அவ கெட்டவ இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் வாயிலேயே வச்சுத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் பேசினேன். வார்டன்கூட பக்கெட்டைப் பார்த்துட்டு, "ஏய் தென்காசி, லைட்டை அணை"ன்னார்.

வியாழன்:

ஒண்ணும் போடலை. மெஸ்ல ரசம் சாதம். ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை. மொட்டை மாடியில, துணிக்கொடிக்கு நடுவுல போய் உட்கார்ந்தேன். கடல் காத்து மட்டும் வந்துது. ஒன்பதரைக்கு அம்மா கூப்பிட்டாள். தம்பி போன்.

"ஏட்டி, இன்னைக்கு ஒண்ணும் போடலியே?"

"என்னத்தம்மா?"

"அதான், வட்டமா வருமே. காலையிலேர்ந்து தொட்டுத் தொட்டுப் பாக்கேன்."

போன்ல ஓட்டுமேல சாரல் விழுற சத்தம் கேட்டுது. அங்க சீசன்.

"வேலை இருந்துச்சும்மா."

"அழுதியா?"

"இல்லம்மா. ஜலதோஷம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: "அப்பாவும் வந்ததுலேர்ந்து ஜலதோஷம்னுதான் சொல்லுதாவ."

ரெண்டு பேருமே சிரிச்சோம். அதுக்கப்புறம் நான் அழுதது வேற மாதிரி அழுகை. அதைச் சொல்லித்தான் ஆகணும்.

வெள்ளி: "அம்மாவுக்கு மட்டும்: ரெண்டு தோசை சாப்ட்டேன்"

எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் போட்டேன். பள்ளிக்கூடத் தோழிகள் கிண்டலடிச்சாங்க. பார்த்தவங்க பட்டியலைத் திறந்து பார்த்தேன். தம்பி பேருல இருந்த எண், போட்ட நிமிஷத்துலயே பார்த்திருந்தது. திங்கள், செவ்வாய், புதன்ல கூட அது பார்த்திருக்கும். எனக்குத்தான் எத்தனை பேர்ங்கற எண்ணிக்கையிலேயே கண்ணு.

சனி: "கடல் பார்த்தாச்சு"

தர்மபுரிக்காரியும் நானும் மெரினாவுக்கு நடந்தே போனோம். அவ கடலைப் பார்க்கிறது அதுதான் முதல் தடவை. அலை வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பைய, பைய!"ன்னு கத்தினாள்.

"என்னது?"

"நீதானடி சொல்லிக்கொடுத்த."

மறுநாள் விடியக்காலை தூக்கக் கலக்கத்துல எழுந்து போனேன். வரிசையில என் நீல பக்கெட் மூணாவதா நின்னுக்கிட்டிருந்தது. நான் வைக்கலை. பக்கத்துல அவளோட சிவப்பு பக்கெட். யாரோ உள்ளேயிருந்து குரல் கொடுத்தாங்க: "தென்காசி, அடுத்து நீ!"

"வாரேன்"னு சொன்னேன்.

அம்மாவுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாது. அதனாலதான் நான் எடுத்து வச்சேன். ஆயுத பூஜை லீவுக்குப் போறப்ப, பிரிண்ட் போட்டுக் கொண்டு போகணும். வியாழக்கிழமைக்கு மட்டும் ஒரு வெள்ளைத்தாள்.